தோள்மூட்டுப் பரிசோதனைக்கு ஒரு தலைகீழ் வகுப்பு: எதை வீட்டில் படிப்பது, எதை வகுப்பில் செய்வது

தோள்மூட்டைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. ஆசிரியர் ஐம்பது அறுபது ஸ்லைடுகளோடு வருவார். நீர், ஹாக்கின்ஸ், ஜோப், கெர்பர், ஸ்பர்லிங் என்று சோதனைகளின் பெயர்கள் வரிசையாக ஓடும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மாணவரை முன்னால் கூப்பிட்டு இரண்டு சோதனைகளைச் செய்து காட்டுவார்கள், பின்வரிசைக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே மாணவர் பதினைந்து சோதனைகளின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். ஆனால் ஓ.பி.யில் ஒரு அம்மா வந்து "கையைத் தூக்க முடியலப்பா" என்றால், முதலில் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்பார்.

வகுப்பைத் தலைகீழாக்கலாம் என்ற யோசனை இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. படிக்க வேண்டியதை வீட்டிலேயே படித்துவிட்டு வருவது, வகுப்பு நேரத்தை முழுக்கக் கைவேலைக்கு வைத்துக்கொள்வது. இது புதிதும் அல்ல. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-லிருந்தே, மாணவர்களைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிடும் முறையைப் பின்பற்றினார். 2007-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் பாடத்தை வீடியோவாக எடுத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு இந்தப் பெயர் பரவியது.

பெயர் பரவிய அளவுக்கு வேலை நடக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். பல இடங்களில் தலைகீழ் வகுப்பு என்றால், அதே அறுபது ஸ்லைடை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் "எல்லாரும் படிச்சாச்சா?" என்று கேட்டு, யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் அதையே மறுபடி நடத்துவதாக இருக்கிறது. பழி மாணவர்கள் மேல் விழுகிறது. உண்மையில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது எது, தொட்டால் மட்டுமே தெரிவது எது என்று பிரிக்காமல் அனுப்பினால் எந்த மாணவரும் படிக்கமாட்டார். அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது என்பதை ஒரே ஒரு வகுப்பை வைத்துப் பார்ப்போம். பிஸியோதெரபி மூன்றாம் ஆண்டு, 40 மாணவர்கள், ஒரு ஆசிரியர், உதவிக்கு இரண்டு பேர், இரண்டு மணி நேரம். பாடம் தோள்மூட்டு.

முதலில் ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

வடிவமைப்பைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே போகும் மாணவர் எந்த ஒரு முடிவை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்? "தோளை முழுமையாகப் பரிசோதிக்க" என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது, விருப்பம்தான். நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது: கையைத் தூக்க முடியவில்லை என்று வருபவரிடம் மூட்டு இறுகியிருக்கிறதா, தூக்கும் தசைநாண் கிழிந்திருக்கிறதா, தூக்கும்போது நடுவில் வலிக்கிறதா என்று பிரித்துச் சொல்வது.

இந்த மூன்றையும் பிரிக்க ஏழெட்டு சிறப்புச் சோதனைகள் தேவையில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு ஒப்பீடு போதும். நோயாளி தானாகக் கையை எவ்வளவு தூரம் அசைக்கிறார், அவர் தசையைத் தளர்த்திக்கொண்டு நாம் அசைத்தால் எவ்வளவு தூரம் போகிறது என்பதே அது. முன்னதை ஆக்டிவ் என்றும் பின்னதை பாசிவ் என்றும் சொல்கிறோம். ஆக்டிவும் பாசிவும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மூட்டே இறுகியிருக்கிறது, ஃப்ரோஸன் ஷோல்டரை நினைக்க வேண்டும். ஆக்டிவ் பாதியில் நின்று பாசிவ் கிட்டத்தட்ட முழுதாகப் போனால், இழுக்க வேண்டிய தசையோ தசைநாணோ அதை இயக்கும் நரம்போ வேலை செய்யவில்லை. இரண்டும் முழுதாகப் போய், பக்கவாட்டில் தூக்கும்போது சுமார் 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்தால், தோள் உச்சி எலும்புக்கு அடியில் தசைநாண் நசுங்குவதை நினைக்கலாம்.

இந்த மூன்று வரியும் நோய்களின் முழு உலகம் அல்ல. ஃப்ரோஸன் ஷோல்டரின் ஆரம்ப வாரங்களில் வலிதான் முன்னால் நிற்கும், இறுக்கம் கொஞ்சமாகவே இருக்கும். நாள்பட்ட தசைநாண் கிழிசலில் மூட்டும் சேர்ந்து இறுகிப் போகலாம். வலி அதிகமாக இருந்தால் நல்ல தசைகூடக் கிழிந்தது போல நடிக்கும். ஆனாலும் முதல் வகுப்புக்கு இந்த மூன்று வரிதான் சரியான அளவு. விதிவிலக்குகள் இந்தச் சட்டகத்தின் மேல்தான் உட்கார முடியும்.

வீட்டுக்கு அனுப்புவது

முடிவு தெளிவானதும் படிப்புப் பகுதி தானாகவே சுருங்கிவிடும். எனக்கு நானே போட்டுக்கொள்ளும் வரம்பு 45 நிமிடம். அதற்குமேல் போனால் மாணவர்கள் படிப்பதில்லை, புரட்டுகிறார்கள். அதில் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று, மூன்று சிறு வீடியோக்கள், ஐந்து கேள்விகள்.

நான்கு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? எலும்பு அடையாளங்கள்: காறை எலும்பு, அது தோள் உச்சியோடு சேரும் மூட்டு, தோள்பட்டை எலும்பின் முள்மேடு, அதன் கீழ் முனை. கீழ் முனை ஏறக்குறைய ஏழாவது மார்பு முதுகெலும்பின் மட்டத்தில் இருக்கும் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், பின்னால் தேவைப்படும். அப்புறம் இயல்பான அசைவு அளவுகள். முன்னால் தூக்குவதும் பக்கவாட்டில் தூக்குவதும் 180 பாகை என்று மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, அந்த 180-ல் சுமார் 120 மட்டுமே பந்துக்கிண்ண மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு நெஞ்சுக்கூட்டின் மேல் நகர்வதால் வருகிறது என்பது. ஆகவே உறைந்த மூட்டு உள்ளவர்கூட தோளைக் காதுப் பக்கம் எக்கி, 80 பாகைவரை தூக்கிக் காட்டிவிடுவார். இந்த ஒரு விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம். மூன்றாவதாக மேலே சொன்ன ஆக்டிவ்-பாசிவ் ஒப்பீடு, ஒரு சிறு கதையோடு.

கடைசிப் பக்கத்தில் ஆபத்து அறிகுறிகள்: காய்ச்சலோடு வரும் தோள் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவர், நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் போகும் இடது தோள் வலி. தோளை எவ்வளவு அசைத்தாலும் வலி மாறவில்லை என்றால் வலி தோளிலிருந்து வரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கழுத்து, இதயம், நுரையீரலின் உச்சி, உதரவிதானம் எல்லாமே தோளில் வலியாகத் தோன்றக்கூடியவை.

சிறப்புச் சோதனைகளில் இரண்டே இரண்டுதான் குறிப்பில் இருக்கும். கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்கு நாம் தூக்கிவைத்து, மெதுவாக இறக்கச் சொல்லும்போது தொப்பென்று விழுகிறதா என்று பார்ப்பது ஒன்று. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் முழுதாகத் திருப்பிவைத்து, "அப்படியே வச்சிருங்க" என்று விட்டதும் அது உள்ளே திரும்பி வந்துவிடுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மற்ற பதின்மூன்றை ஏன் விட்டீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். தோள்மூட்டில் எந்தத் தனிச் சோதனையும் தன்னந்தனியாக நோயைச் சொல்லிவிடாது, அதுவும் கதையும் அசைவு அளவும் இல்லாமல் சொல்லவே சொல்லாது என்பதுதான் பதில். பெயர்ப் பட்டியல் தேர்வுக்கு முந்தைய வாரம் தானாக வந்துவிடும்.

வீடியோ விஷயத்தில் ஒரு பழைய முறை அழகாகக் கைகொடுக்கிறது. அறுவை மருத்துவர் ராட்னி பெய்டன் 1998-ல் கைத்திறனைக் கற்பிக்க நான்கு படிகளைச் சொன்னார். முதல் படியில் ஆசிரியர் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்துகாட்டுவார். இரண்டாவதில் ஒவ்வொரு அசைவையும் பிரித்துச் சொல்லிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் மாணவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிச் செய்வார். இதில் முதல் இரண்டு படிகளை வீடியோவுக்கு மாற்றிவிடலாம். மூன்றும் நான்கும் வகுப்பில்தான் நடக்கும். ஒரு வீடியோ பேச்சில்லாமல் மூன்று நிமிடம், இரண்டாவது அதே பரிசோதனை விளக்கத்தோடு ஏழு நிமிடம். மூன்றாவது, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எங்கே வைப்பது என்று நான்கு நிமிடம். செல்போனில் எடுத்தாலே போதும். ஆனால் கேமரா பரிசோதிப்பவரின் தோளுக்கு மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலம் மாறி, மாணவர் மனத்துக்குள் திருப்பிப் பார்த்தே களைத்துப்போவார்.

ஐந்து கேள்விகளை முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குள் கூகுள் ஃபார்மில் முடிக்க வேண்டும். முதல் இரண்டு நினைவுக் கேள்விகள், படித்தார்களா என்று பார்க்க மட்டும். மூன்றும் நான்கும் இப்படி இருக்கும்: "தானாகத் தூக்குவது 70 பாகை, நாம் தூக்கினால் 165. எது கோளாறு?", "தானாகத் தூக்குவது 80, நாம் தூக்கினாலும் 85. எது கோளாறு?" ஐந்தாவதுதான் எனக்கு வேண்டிய கேள்வி: "படித்ததில் எது புரியவில்லை? ஒரு வரி எழுதுங்கள்." அதை இரவே வாசித்துவிட்டால் வகுப்பின் முதல் பதினைந்து நிமிடத்தை எதற்குச் செலவழிப்பது என்று தெரிந்துவிடும். நான்காவது கேள்வியில் பாதிப் பேர் தவறினால் அதை வகுப்பில் மறுபடி போடுவேன். பத்துப் பேருக்குக் குறைவாகத் தவறினால் தொடவே மாட்டேன். எல்லாரும் சரியாகச் செய்ததை விளக்கிக்கொண்டிருப்பது, படித்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை.

குறிப்பின் கடைசியில் ஒரு விஷயம் மறக்காமல் எழுத வேண்டும்: என்ன உடுத்திவர வேண்டும். தோளைப் பார்ப்பது என்றால் இரண்டு தோளும் தோள்பட்டை எலும்பும் திறந்து தெரிய வேண்டும். சட்டைக்கு மேலே கோனியோமீட்டர் வைத்துப் பழகியவர் ஓ.பி.யிலும் ரவிக்கைக்கும் சேலைக்கும் மேலேயே வைப்பார். பையன்கள் பனியன், பெண்கள் உள்ளே கையில்லாத டாப், பெண்கள் குழுவுக்குத் தனித் திரை அல்லது தனி அறை, ஆணும் பெண்ணும் கலந்த குழு கட்டாயமில்லை, யாரும் நோயாளியாக நடிக்க மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை முன்கூட்டியே எழுதிவிட்டால் வகுப்பில் இருபது நிமிடத் தயக்கம் மிச்சமாகும்.

வகுப்பு: முதல் அரை மணி

படிக்காமல் வந்தவர்களை என்ன செய்வது? இருப்பார்கள், எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தினால் அடுத்த வகுப்புக்கு யாரும் படித்து வரமாட்டார்கள். கேள்விகளை முடிக்காத ஐந்தாறு பேர் அறையின் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து குறிப்பையும் இரண்டாவது வீடியோவையும் பார்த்துவிட்டுக் குழுவில் சேரட்டும். கோபமும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு இரவில் தடுமாறிய கேள்வி திரையில் வரும். ஒவ்வொருவரும் தனியாக விடையை விரலால் காட்ட வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வேறு விரல் காட்டியவரைத் தேடி இரண்டு நிமிடம் வாதாட வேண்டும். திரும்ப வாக்கெடுப்பு. மசூரின் முறை இதுதான். அவர் கொடுக்கும் ஒரு கணக்கு பயனுள்ளது: முதல் வாக்கெடுப்பில் சரியான விடை 30 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் விவாதம் பயன்படாது, நாம்தான் விளக்க வேண்டும். 70-க்கு மேல் இருந்தால் விவாதம் தேவையில்லை. நடுவில் இருக்கும்போதுதான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது நடக்கிறது.

அப்புறம் பெய்டனின் மூன்றாவது படி. ஆசிரியர் ஒரு மாணவரின் தோளருகே நின்றுகொள்வார், வாயைத் திறக்கமாட்டார். வகுப்பு சொல்ல வேண்டும், அவர் சொன்னதை மட்டும் செய்வார். "கையைத் தூக்குங்க" என்று வகுப்பு சொன்னால் ஆசிரியர் தன் கையையே தூக்க வேண்டும். யாருடைய கை, எந்தப் பக்கம், முதலில் நல்ல தோளா வலிக்கும் தோளா, கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தோள்பட்டை எலும்பை எந்தக் கை பிடிக்கும் என்று ஒவ்வொன்றும் சொல்லப்படும்வரை காத்திருக்க வேண்டும். சிரிப்பு வரும், கூச்சல் வரும். வீடியோவில் பார்த்தது எவ்வளவு மனத்தில் நின்றது என்பது இதைவிட வெளிப்படையாக வேறெங்கும் தெரியாது. பொதுவாக விட்டுப்போவது இரண்டு: நல்ல பக்கத்தை முதலில் பார்ப்பது, பாசிவ் அசைவின்போது தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்துவது.

ஒரே தோள், மூன்று எண்

அடுத்த அரை மணி நேரம் அளவிடுவதற்கு. இந்தப் பகுதியில்தான் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

மாணவர்கள் மூன்று மூன்று பேராகப் பிரிகிறார்கள், ஒரு குழுவில் மட்டும் நான்கு பேர். ஒருவர் மாறி ஒருவர் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் அவருடைய வலது தோளின் வெளிப்புறச் சுழற்சியை அளக்க வேண்டும். மேல்கை உடலோடு ஒட்டியிருக்கும், முழங்கை 90 பாகை மடங்கியிருக்கும், முன்கை வெளிப்பக்கம் போகும். கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்குத் தூக்கிவைத்து அளப்பதுதான் புத்தகத்தில் இருக்கும் வழக்கமான நிலை. ஆனால் தோள் உறைந்தவரால் அந்த நிலைக்கே வரமுடியாது. அதனால் எல்லாரிடமும் செய்யக்கூடிய நிலையில் பழகுவது நல்லது. இந்த நிலையில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். ஆகவே நல்ல பக்கத்தோடு ஒப்பிடுவதுதான் அளவுகோல், புத்தக எண் அல்ல.

ஒரே நிபந்தனை: ஒருவர் எடுத்த எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. சீட்டில் எழுதி மடித்துவைக்க வேண்டும். பிறகு எல்லா எண்களும் பலகைக்கு வரும். நான்கு பேர் உள்ள குழுவில் ஒரே தோளுக்கு 55, 70, 115 என்று எண்கள் நிற்கும். வகுப்பு அமைதியாகிவிடும்.

115 எங்கிருந்து வந்தது? முழு வட்டக் கோனியோமீட்டரில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு எண்வரிசைகள் இருக்கும். 65-ஐப் படிக்க வேண்டியவர் மறு வரிசையில் அதன் மீதியான 115-ஐப் படித்துவிட்டார். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கருவியைப் பார்க்கும் முன்பே கண்ணால் மதிப்பிட்டு எழுதிவைப்பது. நேராக மேலே நிற்கும் முன்கை சுழியம், தரையோடு படுத்தால் 90. கண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு படுத்தது போலத் தெரிந்தால் எண் 60-க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கண் சொல்வதும் கருவி சொல்வதும் இருபது பாகைக்கு மேல் விலகினால் எழுதாமல் மறுபடி அளக்க வேண்டும்.

55-க்கும் 70-க்கும் இடையிலான வித்தியாசம் இன்னும் நுட்பமானது. முழங்கை விலாவைவிட்டு மெல்ல நகர்ந்திருக்கலாம். படுத்திருப்பவர் முதுகை வளைத்து மார்பை எக்கியிருக்கலாம். கருவியின் அச்சு முழங்கை முனையில் இல்லாமல் ஓர் அங்குலம் தள்ளியிருக்கலாம். நகரும் கம்பு முன்கை எலும்போடு போகாமல் சுண்டுவிரலைத் துரத்திப் போயிருக்கலாம். ஒருவர் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளியிருக்கலாம், மற்றவர் முதல் தடையிலேயே நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு குழுவும் தங்கள் வித்தியாசத்துக்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடி அளந்து, ஐந்து பாகைக்குள் கொண்டுவர வேண்டும். ஐந்து பாகை என்பது கையால் அளப்பதில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை. அதாவது போன வாரம் 40 இருந்தது இந்த வாரம் 44 ஆகிவிட்டது என்று நோயாளியிடம் முன்னேற்றமாகச் சொல்லக் கூடாது. இந்த ஒரு வரியை எத்தனை ஸ்லைடில் போட்டாலும் மாணவர் மறந்துவிடுவார். பலகையில் தன் கையெழுத்தில் 115-ஐப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

உள்புறச் சுழற்சிக்குக் கருவியே தேவையில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரல் எந்த முள்ளெலும்பைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும். தோள்பட்டையின் கீழ் முனை மட்டத்தைத் தொட்டால் அது ஏழாவது மார்பு எலும்பு. குறிப்பில் தனியாகக் கேட்டது இதற்காகத்தான்.

அட்டைக்குள் ஒரு நோயாளி

இப்போது ஒரு சங்கடம். வகுப்பில் இருக்கும் எல்லாருக்கும் இருபது வயது, எல்லாத் தோளும் நன்றாக இருக்கிறது. நல்ல தோளையே பரிசோதித்துப் பழகியவருக்குக் கெட்ட தோள் வரும்போது அடையாளம் தெரியாது. அதற்காகத்தான் அட்டைகள். குழுவில் ஒருவர் நோயாளி, ஒருவர் பரிசோதிப்பவர், மூன்றாமவர் கையில் எட்டு வரிப் பட்டியலோடு பார்ப்பவர். நோயாளிக்கு மட்டும் ஓர் அட்டை கிடைக்கும்.

முதல் அட்டை இப்படி: வயது 54, எட்டு வருடமாகச் சர்க்கரை. வலது தோள் ஐந்து மாதமாக வலி, அடிபடவில்லை. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தலை வாரவும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கவும் முடியவில்லை. முன்னால் தானாகத் தூக்குவது 110, பிறர் தூக்கினால் 115. பக்கவாட்டில் 80, 85, அதற்குமேல் தோளை எக்க வேண்டும். வெளிப்புறச் சுழற்சி எப்படிச் செய்தாலும் 15, இடது பக்கம் 65. கட்டைவிரல் பின்புறம் பிட்டம்வரைதான் போகும். கையை அசைக்காமல் எதிர்த்துத் தள்ளச் சொன்னால் பலம் முழுதாக இருக்கிறது. கழுத்து நன்றாக அசைகிறது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை அட்டையின் பின்பக்கம்: எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள்.

பரிசோதிப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நன்றாகப் படித்து வந்தவர்கூடப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, 80-ல் நின்றதும், உடனே கை விழுகிறதா என்று பார்க்கும் சோதனைக்குத் தாவுகிறார். 90 பாகைக்கே போகாத கையில் அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது என்பது அப்போதுதான் உறைக்கிறது. பார்ப்பவரின் பட்டியலில் முக்கியமான வரி, "ஆக்டிவ் நின்ற அதே அசைவைப் பாசிவாகவும் செய்தாரா?" என்பது. அதைச் செய்துவிட்டால் கதை திறந்துகொள்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன, அதிலும் வெளிப்புறச் சுழற்சிதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைந்திருக்கிறது, பலம் குறையவில்லை. மூட்டுறை சுருங்கியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் ஃப்ரோஸன் ஷோல்டர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் கதையோடு பொருந்துகிறது.

இரண்டாவது அட்டைக்கு ஆள் மாறி உட்கார வேண்டும். வயது 62, மூன்று வாரத்துக்கு முன் பைக்கிலிருந்து கை ஊன்றி விழுந்தவர். பக்கவாட்டில் தானாக 50, பிறர் தூக்கினால் 160. தூக்கிவைத்த கை விழுகிறது, வெளிப்புறம் திருப்பிவைத்த முன்கை நிற்காமல் உள்ளே வருகிறது. இதில் பெரும்பாலான குழுக்கள் சீக்கிரம் கிழிந்த தசைநாணுக்கு வந்துவிடும். நோயாளியாக நடிப்பவருக்குத்தான் கஷ்டம்: பாசிவ் அசைவின்போது உண்மையிலேயே கையைத் தளர்த்த வேண்டும். பலருக்கு அது வராது, தாங்களும் சேர்ந்து தூக்குவார்கள். "கை கனமா இருக்கா?" என்று பரிசோதிப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். கனமாக இல்லையென்றால் நோயாளி உதவி செய்கிறார், அந்த எண் பாசிவ் அல்ல. இது அட்டை விளையாட்டில் தற்செயலாகக் கிடைக்கும் பாடம், ஓ.பி.யில் தினமும் தேவைப்படும்.

மூன்றாவது அட்டையை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பேன். வயது 30, எலக்ட்ரீஷியன். நான்கு வாரத்துக்கு முன் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டார். அதிலிருந்து வலது தோள் இறுகிக் கிடக்கிறது. வெளிப்புறச் சுழற்சி தானாகவும் இல்லை, பிறர் திருப்பினாலும் இல்லை, சுழியத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. கை எப்போதும் உள்பக்கம் திரும்பியே இருக்கிறது. முன்பக்க எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் ஃப்ரோஸன் ஷோல்டர் என்று எழுதும். சட்டகத்தின்படி அது சரிதான், ஆக்டிவும் பாசிவும் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் முப்பது வயதில், ஷாக் அடித்த அன்றிலிருந்து, ஒரே அடியாக? மின்சாரம் தாக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தோளின் உள்புறம் திருப்பும் பலமான தசைகள் ஒரேயடியாக இழுத்து, பந்தைக் கிண்ணத்தின் பின்பக்கம் தள்ளிவிடும். பின்னால் நழுவிய தோள் முன்பக்க எக்ஸ்ரேயில் ஏறக்குறைய இயல்பாகவே தெரியக்கூடும், அதனால் தவறவிடப்படுவதில் பேர்போனது. அக்குள் வழியாக எடுக்கும் படத்தில் தெளிவாகத் தெரியும். ஃப்ரோஸன் என்று நினைத்துத் தள்ளித் திருப்பும் சிகிச்சையைத் தொடங்கினால் எலும்பே உடையலாம். இங்கே மாணவர்கள் எழுத வேண்டியது நோயின் பெயரை அல்ல. "தொடாதே, இன்னொரு படம் எடுக்கச் சொல்லி எலும்பு மருத்துவரிடம் அனுப்பு" என்பதை. மூன்று வரிச் சட்டகத்தின் எல்லை எங்கே என்பதை அந்தச் சட்டகத்தைப் பயன்படுத்திய அரை மணிக்குள் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அது கெட்டிப்பட்டுவிடும்.

வகுப்பால் தரமுடியாதது

அட்டைகளால் ஒரு விஷயத்தைக் கொடுக்கவே முடியாது. மூட்டுறை சுருங்கிய தோளைத் திருப்பும்போது கடைசியில் கைக்குத் தெரியும் உணர்வு. நடிப்பவர் தசையை இறுக்கி நிறுத்தும்போது அது திடுக்கென்று, துள்ளலோடு தடுக்கும். உறைந்த மூட்டு அப்படித் தடுப்பதில்லை, தடித்த தோலை இழுப்பது போல மெல்ல இறுகி நின்றுவிடும். முன்னதைத் தொட்டுப் பழகியவர் பின்னதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே வகுப்புக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் ஐந்து ஐந்து பேராக ஓ.பி.க்குப் போக வேண்டும், ஒரே வேலையோடு: நோயாளியிடம் அனுமதி கேட்டு, இரண்டு தோளின் வெளிப்புறச் சுழற்சியைப் பாசிவாகப் பார்த்து, கடைசியில் எப்படி நின்றது என்று தமிழில் ஒரு வரி எழுதிவர வேண்டும். வலிக்கும் தோளை ஐந்து பேரும் திருப்பக் கூடாது. ஒருவர் செய்யட்டும், இன்னொரு நோயாளிக்கு அடுத்தவர்.

இதெல்லாம் பலித்ததா என்று பார்க்க, அந்த ஓ.பி. சுற்று முடிந்ததும் ஓஸ்கி எனும் செய்முறைத் தேர்வில் இருப்பது போல ஐந்து நிமிட நிலையம் ஒன்று வைக்கலாம். டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய அதே தேர்வுமுறைதான். நோயாளிக்குப் பதில் பயிற்சி பெற்ற ஒருவர், கேள்வி ஒன்றே: "இவருக்குக் கையைத் தூக்க முடியவில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடியுங்கள்." மதிப்பெண் தாளை மாணவர் வாரியாக மட்டும் கூட்டாமல் வரி வாரியாகவும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பக்கத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் அதிகமென்றால் இரண்டாவது வீடியோவில் அந்த இடம் சரியாகத் தெரியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். எண்கள் தாறுமாறாக இருந்தால் அளவிடும் பகுதிக்கு நேரம் போதவில்லை, வாக்கெடுப்பிலிருந்து பத்து நிமிடத்தை இங்கே மாற்றலாம். எல்லாம் அளந்தும் முடிவு தவறினால் நான்கு பக்கக் குறிப்பில் அந்தச் சிறு கதை போதவில்லை, அட்டையில் இருப்பது போல இன்னொன்று சேர்க்க வேண்டும். அடுத்த பேட்சுக்கு அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மொத்தத்தையும் திருத்தி எழுத வேண்டியதில்லை.